கடவுச்சீட்டு இணையப் படிவத்தின் திரைப்பிடிப்பை விளக்குதல் (புதுச்சேரி)

திரைப்பிடிப்பைக் கொண்டு படிவம் விளக்குதல் என்பது, அரசு இணையதளத்தில் படிவம் நிரப்பும் ஒருவர் தம் திறன்பேசித் திரையைப் படமாக எடுத்து "இதில் என்ன போடுவது?" என்று தெரிந்தவருக்கு அனுப்பும்போது, ஒவ்வொரு கட்டமும் எதைக் கேட்கிறது, அதற்கான விடை எந்த ஆவணத்தில் உள்ளது என்று சொல்லித் தருவதாகும். கட்டத்தில் எழுத வேண்டிய பெயரையோ தேதியையோ எண்ணையோ உதவுபவர் தாமாகச் சொல்வது இதில் அடங்காது. அவை விண்ணப்பதாரரின் ஆவணங்களிலிருந்து மட்டுமே வர வேண்டும்.

இவ்வாறு அனுப்பப்படும் படங்களில் கடவுச்சீட்டு விண்ணப்பத்தின் பக்கங்களும் உண்டு. புதுச்சேரியில் இந்தப் படிவத்தை விளக்குவதற்கு உள்ளூர் வரலாறும் புவியியலும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். பெயர், பிறந்த இடம், குடியுரிமை, முகவரி ஆகிய நான்கு பகுதிகளிலும் வேறு ஊர்களில் எழாத ஐயங்கள் இங்கு எழுகின்றன. இக்கட்டுரை அந்த நான்கையும் விளக்குகிறது.

## விளக்குவதும் நிரப்புவதும்

உதவுபவர் சொல்லக்கூடியவை இரண்டு. ஒன்று, கட்டத்தின் பொருள். மற்றது, விடை இருக்கும் இடம். எடுத்துக்காட்டாக, ஆதார் எண் கேட்கும் கட்டத்துக்கு "ஆதார் அட்டையின் அடியில் உள்ள 12 இலக்க எண், இடைவெளி இல்லாமல்" என்று சொன்னால் போதும். புரிவதற்காக ஒரு மாதிரி எண்ணை எழுதிக் காட்டுவது பலருடைய வழக்கம். படிவம் நிரப்பிப் பழக்கமில்லாதவர் அந்த மாதிரியையே கட்டத்தில் பதித்துவிடும் வாய்ப்பு உண்டு. ஆகவே மாதிரி எண்ணைத் தவிர்த்து, எத்தனை இலக்கம், எந்த அட்டை, அட்டையில் எந்த இடம் என்று சொல்வதே பாதுகாப்பானது.

தேதிகளிலும் இதே சிக்கல் உண்டு. பள்ளியில் சேர்க்கும்போது வயதைச் சரிக்கட்ட ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் பிறந்த நாளாகக் கொடுத்த குடும்பங்கள் தமிழ்ப் பகுதிகளில் பல. அவர்களுடைய பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதியும் பள்ளிச் சான்றிதழில் வேறு தேதியும் இருக்கும். இரண்டில் எது என்று உதவுபவர் தேர்ந்தெடுத்துச் சொல்லக் கூடாது. இரண்டும் வேறுபடுகின்றன என்பதைச் சுட்டிக்காட்டி, ஆவணத்தைத் திருத்திய பிறகு படிவத்தைத் தொடரலாம் என்று சொல்வதே அவர் செய்யக்கூடியது. 2025 பிப்ரவரியில் வெளியான விதித் திருத்தத்தின்படி, 1 அக்டோபர் 2023 அன்றோ அதற்குப் பின்போ பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே ஏற்கப்படும். அதற்கு முன் பிறந்தவர்கள் பள்ளிச் சான்றிதழ் போன்ற வேறு சில ஆவணங்களையும் காட்டலாம். அவர்களிடம்தான் இந்த இரட்டைத் தேதிச் சிக்கல் வரும்.

தவறான விவரத்தின் விளைவை ஏற்பவர் விண்ணப்பதாரரே. கடவுச்சீட்டுச் சட்டம் 1967-இன் 12ஆவது பிரிவு, தெரிந்தே பொய்யான தகவல் தருவதையும் முக்கியத் தகவலை மறைப்பதையும் குற்றமாக்குகிறது. இதற்கு இரண்டு ஆண்டு வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். தவறான தகவலின் பேரில் பெற்ற கடவுச்சீட்டை முடக்கவும் விலக்கிக்கொள்ளவும் 10ஆவது பிரிவு இடமளிக்கிறது. "பையன்தான் போட்டுக் கொடுத்தான்" என்று சொன்னாலும், படிவத்தின் இறுதியில் உள்ள உறுதிமொழி விண்ணப்பதாரர் பெயரில்தான் இருக்கிறது.

## படத்தில் முதலில் பார்க்க வேண்டியவை

கட்டங்களை விளக்கத் தொடங்கும் முன் படம் எந்தத் தளத்தைச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். கடவுச்சீட்டுச் சேவையின் முகவரி passportindia.gov.in என முடியும். இதைப் போலத் தோற்றமளிக்கும் போலித் தளங்கள் குறித்து வெளியுறவு அமைச்சகம் எச்சரித்துள்ளது. படத்தில் முகவரிப் பட்டை வெட்டப்பட்டிருந்தால் அதையும் சேர்த்து மறுபடி எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். அதைப் பார்க்காமல் விளக்கினால், போலித் தளத்தில் விவரங்களைக் கொடுக்க நாமே உதவியதாகிவிடும்.

அடுத்து, முந்தைய பக்கத்தில் எதைத் தேர்ந்தார் என்பதைக் கேட்க வேண்டும். புதிய கடவுச்சீட்டு, மறுவெளியீடு என்ற இரு தேர்வுகள் தொடக்கத்தில் வருகின்றன. எப்போதோ ஒரு கடவுச்சீட்டு வாங்கி அது காலாவதியானவரும், பழையதைத் தொலைத்தவரும் மறுவெளியீட்டையே தேர வேண்டும். அனுப்பிய படத்தில் இத்தேர்வு தெரியாது. "இதற்கு முன் உங்களிடம் கடவுச்சீட்டு இருந்ததா?" என்ற ஒரு கேள்வி இதைத் தெளிவாக்கிவிடும்.

படத்தில் ஏற்கெனவே நிரப்பிய எண்கள் தெரிந்தால், அவற்றை மறைத்து மீண்டும் அனுப்பச் சொல்வது நல்லது. கட்டத்தின் பெயரும், அருகிலுள்ள நட்சத்திரக் குறியும், சிவப்பில் வரும் பிழைச் செய்தியும் தெரிந்தாலே விளக்கிவிடலாம். நட்சத்திரக் குறி உள்ள கட்டங்கள் கட்டாயமானவை. வருமான வரிக் கணக்கு எண், வாக்காளர் அட்டை எண் போன்றவற்றுக்கு அக்குறி இல்லை. கையில் இல்லாவிட்டால் அவற்றை வெற்றாக விடலாம்.

கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தைக் கேட்கும் Visible Distinguishing Mark என்ற கட்டத்திலும் இதைச் சொல்ல வேண்டியிருக்கும். பள்ளிச் சான்றிதழ்ப் பழக்கத்தில் "இடது கையில் ஒரு மச்சம்" என்று தோன்றியதை எழுதுபவர்கள் உண்டு. விண்ணப்பதாரர் உடலில் உண்மையில் இருப்பதை மட்டும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் எழுத வேண்டியதில்லை.

## பெயர்க் கட்டங்கள்

படிவத்தில் விண்ணப்பதாரரின் பெயருக்கு Given Name, Surname என்று இரு கட்டங்கள் உள்ளன. முதலாவது அவருக்கு இட்ட பெயர். இரண்டாவது குடும்பப் பெயர். தமிழர் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகப் போடுவதே வழக்கம். கடவுச்சீட்டில் தலைப்பெழுத்தை அப்படியே போடாமல் விரித்து எழுத வேண்டும். திரு, திருமதி, முனைவர் போன்ற அடைமொழிகளுக்கும் இடமில்லை.

### தலைப்பெழுத்து உள்ளவர்கள்

தலைப்பெழுத்து வழக்கமுள்ளவர் தம் பெயரை முதல் கட்டத்திலும், விரித்த தந்தை பெயரை இரண்டாம் கட்டத்திலும் எழுதலாம். இரண்டாம் கட்டம் கட்டாயமில்லை என்பதால் அதை வெற்றாகவும் விடலாம். எதைத் தேர்ந்தாலும் அதன் பயன் பிற்காலத்தில் தெரியும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா, வருகை நுழைவிசைவுகளில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பின்னர் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ கடவுச்சீட்டின் மற்றொரு பக்கத்தில் இருந்தால் ஏற்பதாகத் தெளிவுபடுத்தியது. வளைகுடாவுக்குப் போக விரும்புபவருக்கு இரண்டாம் கட்டத்தை வெற்றாக விடுவதன் பொருளை உதவுபவர் எடுத்துச் சொல்லலாம். முடிவு விண்ணப்பதாரருடையது.

அடுத்த பக்கத்தில் தந்தையின் பெயருக்கும் அதே இரு கட்டங்கள் வருகின்றன. இங்கே ஒரு குழப்பம் எழுவதுண்டு. மகள் தன் குடும்பப் பெயர்க் கட்டத்தில் தந்தை பெயரை எழுதியிருப்பார். தந்தையின் குடும்பப் பெயர்க் கட்டத்தில் தாத்தாவின் பெயர் வரும். மகளின் குடும்பப் பெயரும் தந்தையின் குடும்பப் பெயரும் வேறு வேறாகத் தெரியும். இதைப் பிழை என்று நினைத்து இரண்டையும் ஒன்றாக்கினால் தந்தையின் பெயரே அவருடைய ஆவணங்களிலிருந்து மாறிவிடும். தலைப்பெழுத்து மரபில் இந்த வேறுபாடு இயல்பானது. அதை அப்படியே விட வேண்டும்.

### குடும்பப் பெயர் உள்ளவர்கள்

புதுச்சேரியில் உண்மையான குடும்பப் பெயர் உடைய தமிழ்க் குடும்பங்களும் உள்ளன. 1881 செப்டம்பர் 21ஆம் நாள் பிறப்பிக்கப்பட்ட பிரெஞ்சு ஆணை, இந்தியர்கள் தம் வழக்காற்றுச் சட்ட நிலையைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்க வழிசெய்தது. அவ்வாறு துறந்தவர்கள் ரெனோன்சான் எனப்பட்டனர். அவர்கள் நிலையான ஒரு குடும்பப் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை லாபோர்த் என்ற பெயரை ஏற்றது இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு.

இத்தகைய குடும்பத்தினரின் பழைய பிறப்புப் பதிவு பிரெஞ்சு மொழியில் இருக்கும். அதில் குடும்பப் பெயர் தலைமுறை தலைமுறையாக மாறாமல் வருவதைக் காணலாம். அந்தப் பெயரே இரண்டாம் கட்டத்துக்கு உரியது. தலைப்பெழுத்துக் குடும்பத்துக்குச் சொன்ன விளக்கத்தை இவர்களுக்குச் சொன்னால் தந்தையின் இட்ட பெயர் குடும்பப் பெயராகிவிடும். எனவே, "உங்கள் வீட்டில் தாத்தா, அப்பா, நீங்கள் மூவருக்கும் பொதுவாக ஒரு பெயர் உண்டா?" என்று முதலில் கேட்டறிய வேண்டும்.

### பிரெஞ்சு எழுத்துக்கூட்டல்

பிரெஞ்சு ஆட்சிக் காலப் பதிவுகளில் தமிழ்ப் பெயர்கள் பிரெஞ்சு ஒலிமுறைப்படி எழுதப்பட்டன. KUMAR என்பது COUMAR என்றும், RAJA என்பது RADJA என்றும், MUTHU என்பது MOUTTOU என்றும் காணப்படும். இவ்வழக்கம் இன்றும் சில குடும்பங்களின் சான்றிதழ்களில் தொடர்கிறது. வெளியூரிலிருந்து உதவுபவர் COUMAR என்பதைத் தட்டச்சுப் பிழை என்று கருதி KUMAR எனத் திருத்தச் சொல்ல வாய்ப்புண்டு. அந்த ஒரு மாற்றத்தால் கடவுச்சீட்டும் பிறப்புச் சான்றிதழும் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் போகும். பெயரைச் செவியால் கேட்டு எழுதாமல், ஆவணத்தைப் பார்த்து எழுத்தெழுத்தாகப் படியெடுப்பதே முறை. ஒரே குடும்பத்தில் தந்தை பெயர் பிரெஞ்சு எழுத்திலும் மகன் பெயர் ஆங்கில எழுத்திலும் இருப்பதும் உண்டு. அவரவர் ஆவணத்தில் உள்ளபடியே எழுத வேண்டும்.

## பிறந்த இடம்

பிறந்த ஊர், மாவட்டம், மாநிலம் அல்லது ஒன்றியப் பகுதி என மூன்று விவரங்கள் கேட்கப்படுகின்றன. இது சொந்த ஊரைக் கேட்கும் கேள்வி அன்று. குழந்தை பிறந்த இடத்தையே கேட்கிறது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து மகப்பேற்றுக்காகப் புதுச்சேரி கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனைக்கு வருவோர் பலர். பிறப்பு நிகழ்ந்த இடத்தின் பதிவாளரே அதைப் பதிய வேண்டும் என்பது பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இன் விதி. ஆகவே அக்குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ் புதுச்சேரியில் வழங்கப்பட்டிருக்கும். "எங்க ஊர் விழுப்புரம் பக்கம்" என்று சொல்பவரின் பிறந்த இடம் புதுச்சேரியாக இருக்கலாம். விடை சான்றிதழில் பிறந்த இடம் என்ற வரியில் உள்ளது.

ஊர்ப் பெயரின் எழுத்தும் கவனிக்கத்தக்கது. பாண்டிச்சேரி என்று இருந்த ஒன்றியப் பகுதியின் பெயர் 1 அக்டோபர் 2006 முதல் புதுச்சேரி என மாறியது. அதற்கு முன் வழங்கப்பட்ட சான்றிதழ்களில் PONDICHERRY என்றே இருக்கும். படிவத்தின் பட்டியலில் இப்போதைய பெயரான PUDUCHERRY வரும். பழைய பெயர் பட்டியலில் இல்லையே என்று தேடி வேறு மாநிலத்தைத் தேர்ந்துவிடாமல், இரண்டும் ஒன்றே என்று விளக்க வேண்டும். புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் என நான்கு மாவட்டங்கள் உள்ளன. காரைக்காலில் பிறந்தவருக்கு ஒன்றியப் பகுதி புதுச்சேரியாகவும் மாவட்டம் காரைக்காலாகவும் அமையும்.

## குடியுரிமைக் கட்டம்

Citizenship of India by என்ற கட்டம், இந்தியக் குடியுரிமை எந்த வழியில் வந்தது என்று கேட்கிறது. பிறப்பு, மரபு, பதிவு அல்லது இயல்புரிமை என்பவை தேர்வுகள். பெரும்பாலோருக்குப் பிறப்பு என்பதே பொருந்தும். ஆனால் புதுச்சேரியில் முதியவர்கள் அனுப்பும் படத்தில் இக்கட்டம் வந்தால் உடனே விடை சொல்லக் கூடாது.

1954 அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்த பின், நவம்பர் 1ஆம் நாள் ஆட்சிப் பொறுப்பு நடைமுறையில் இந்தியாவுக்கு மாறியது. சட்டப்படியான மாற்றம் அப்போது நிகழவில்லை. 1956 மே 28ஆம் நாள் கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கை 1962 ஆகஸ்ட் 16ஆம் நாள்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை சட்டத்தின் பார்வையில் அது பிரெஞ்சு நிலப்பகுதியாகவே இருந்தது. அங்கே பிறந்து, அந்நாளில் அங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் உடன்படிக்கையின்படி இந்தியக் குடிமக்கள் ஆயினர். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு எழுத்து மூலம் அதைத் தெரிவிக்க ஆறு மாத காலம் தரப்பட்டது. அதனால்தான் ஒரே தெருவில், சில வேளை ஒரே குடும்பத்தில், இரு நாட்டுக் குடிமக்களும் இருக்கின்றனர்.

1962 ஆகஸ்ட் 16க்கு முன் புதுச்சேரியில் பிறந்தவரின் குடியுரிமை, நிலப்பகுதி இணைப்பின் வழியாக வந்தது. படிவத்தின் தேர்வுகளில் அந்த வழி தனியாக இல்லை. எதைத் தேர்வது என்பதைக் கடவுச்சீட்டு அலுவலகத்தில் கேட்டறிவதே சரி. பழைய கடவுச்சீட்டு உள்ளவர் அதைப் பெற அளித்த ஆவணங்களை உடன் கொண்டுபோகலாம்.

இதே காரணத்தால் படிவத்தின் பிற்பகுதியில் வரும் "ஆம்", "இல்லை" கேள்விகளும் இங்கு வெறும் சடங்கல்ல. வேறு நாட்டுக் குடியுரிமை வழங்கப்பட்டதுண்டா, வேறு நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்ததுண்டா என்று அவை கேட்கின்றன. எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று குறிக்கச் சொல்வது உதவியாளர்களிடம் பரவலான வழக்கம். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள துணைவர் வழியாக அக்குடியுரிமை பெற்ற ஒருவர் "இல்லை" என்று குறித்தால் அது முக்கியத் தகவலை மறைத்ததாகும். ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் படித்துச் சொல்லி, விடையை அவரையே குறிக்கச் செய்ய வேண்டும்.

## முகவரியும் காவல் நிலையமும்

புதுச்சேரிப் பகுதி ஒரே தொடர்ச்சியான நிலப்பரப்பு அன்று. தமிழ்நாட்டு ஊர்களுக்கிடையே துண்டு துண்டாக அமைந்துள்ளது. ஒரு சாலையில் சில கிலோமீட்டர் சென்றால் புதுச்சேரியும் தமிழ்நாடும் மாறி மாறி வரும். அஞ்சல் குறியீடும் இந்த எல்லையைக் காட்டாது. புதுச்சேரி நகரத்தின் 605001, ஆரோவில்லின் 605101, விழுப்புரத்தின் 605602 ஆகிய மூன்றும் 605 என்றே தொடங்குகின்றன. இவற்றுள் முதலாவது மட்டுமே புதுச்சேரி. மற்ற இரண்டும் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. குறியீட்டைப் பார்த்து மாநிலத்தை ஊகிப்பது தவறாக முடியும். ஆதாரிலோ குடும்ப அட்டையிலோ உள்ள மாவட்டத்தையும் மாநிலத்தையும் பார்த்தே தேர வேண்டும்.

முகவரியின் கடைசியில் Police Station என்ற பட்டியல் வருகிறது. தேர்ந்த மாவட்டத்தைப் பொறுத்தே அப்பட்டியலில் பெயர்கள் தோன்றும். தம் காவல் நிலையம் பட்டியலில் இல்லை என்று ஒருவர் சொன்னால், பெரும்பாலும் மாவட்டத்தைத் தவறாகத் தேர்ந்திருப்பார். நகரத்துக்குள் பெரியகடை, ஒதியஞ்சாலை, உருளையன்பேட்டை, முத்தியால்பேட்டை, முதலியார்பேட்டை, இலாசுப்பேட்டை எனப் பல நிலையங்கள் அடுத்தடுத்து உள்ளன. தெருப் பெயரைக் கொண்டு எது என்று ஊகிக்கக் கூடாது. காவல்துறைச் சரிபார்ப்பு இந்நிலையத்துக்கே அனுப்பப்படும். தவறான நிலையத்துக்குப் போனால் "எங்கள் எல்லையில் இல்லை" என்று திரும்பி, காலம் வீணாகும். பக்கத்து வீட்டில் அண்மையில் கடவுச்சீட்டு வாங்கியவரிடமோ நிலையத்திலோ நேரில் கேட்பதே உறுதியான வழி.

## ஓர் எடுத்துக்காட்டு

விளக்கும் முறையைக் காட்டக் கற்பனையான ஒரு நிகழ்வைப் பார்க்கலாம். முத்தியால்பேட்டையில் குடியிருக்கும் ஒரு பெண், விண்ணப்பதாரர் விவரப் பக்கத்தைப் படமெடுத்துச் சித்தப்பா மகனுக்கு அனுப்புகிறார். அவருடைய பெற்றோர் விழுப்புரம் மாவட்டக் கிராமத்தினர். படத்துடன் வந்த செய்தி: "தம்பி, பேரு ரெண்டு தடவ கேக்குது. பொறந்த ஊருன்னா நம்ம ஊரா? எல்லாம் நீயே எழுதி அனுப்பிடு, நான் பாத்து போட்டுக்கறேன்."

தம்பிக்கு அக்காவின் பெயரும் சித்தப்பா, பெரியப்பா பெயர்களும் தெரியும். பிறந்த ஆண்டும் ஏறத்தாழத் தெரியும். எழுதி அனுப்பிவிட அவரால் முடியும். ஆனால் ஆதாரில் தலைப்பெழுத்து முன்னால் உள்ளதா பின்னால் உள்ளதா, பெரியப்பா பெயரைச் சான்றிதழில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அவர் அனுப்பும் பதில் இவ்வாறு அமையலாம்:

"அக்கா, மொதல்ல பொறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார் மூணையும் பக்கத்துல வச்சிக்கங்க. Given Name-ல உங்க பேரு மட்டும், தலைப்பெழுத்து வேணாம். Surname-ல பெரியப்பா பேர முழுசா போடலாம், விடவும் செய்யலாம். துபாய் போற எண்ணம் இருந்தா போட்டுடறது நல்லது. ரெண்டு பேரையும் சான்றிதழ்ல இருக்கற எழுத்துப்படி ஒவ்வொரு எழுத்தா பாத்துப் போடுங்க. மூணுலயும் எழுத்து ஒண்ணா இல்லன்னா நிறுத்திட்டு எனக்குச் சொல்லுங்க. பொறந்த தேதியும் அப்படித்தான், மூணுலயும் ஒரே தேதியான்னு பாருங்க. பொறந்த ஊருன்னா நம்ம ஊர் இல்ல, ஆஸ்பத்திரி இருந்த ஊரு. சான்றிதழ்ல பொறந்த இடம்னு ஒரு வரி இருக்கும், அதுல இருக்கறதுதான். மச்சம் கேக்கற எடத்துல உண்மையா இருந்தா எழுதுங்க, இல்லன்னா விட்டுடுங்க. ஆதார் நம்பர எனக்கு அனுப்ப வேணாம், நீங்களே போட்டுக்கங்க."

இந்தப் பதிலில் ஒரு பெயரோ தேதியோ எண்ணோ இல்லை. இருந்தும் அந்தப் பக்கத்தை நிரப்பி முடிக்க இது போதும். எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறது. அக்கா சான்றிதழைப் பார்க்கும்போது பிறந்த இடம் புதுச்சேரி என்று இருப்பதைக் காண்கிறார். மதிப்பெண் பட்டியலில் தந்தை பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக இருப்பதையும் காண்கிறார். தம்பியே பெயரை எழுதி அனுப்பியிருந்தால் அந்த வேறுபாடு கடவுச்சீட்டு அலுவலக முகப்பில்தான் தெரியவந்திருக்கும்.

## பிழையைக் கண்டறிதலும் திருத்தலும்

படிவத்தைச் சமர்ப்பிக்கும் முன் முழு விவரமும் ஒரு முன்னோட்டமாகக் காட்டப்படும். சரிபார்க்க உகந்த இடம் அதுவே. திரையில் உள்ளதை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றொருவர் ஆவணத்தைப் பார்த்து ஒப்பிட வேண்டும். பெயரைச் சொல்லாகப் படிக்காமல் எழுத்து எழுத்தாகப் படித்தால் விடுபட்ட எழுத்து அகப்படும்.

சமர்ப்பித்த பிறகு பிழை தெரிந்தாலும் வழி உண்டு. சந்திப்பு நாளில் கடவுச்சீட்டுச் சேவை மையத்தின் முதல் முகப்பில் விவரங்கள் திரையில் காட்டப்படும்போது, ஆவணத்தைக் காட்டித் திருத்தச் சொல்லலாம். புத்தகம் அச்சாகி வந்த பின் தெரியும் பிழைக்கு, மறுவெளியீட்டுக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். ஆவணங்களுக்குள்ளேயே வேறுபாடு இருந்தால் படிவத்தைத் திருத்துவதால் பயனில்லை. பிறப்புச் சான்றிதழுக்கு அதை வழங்கிய உள்ளாட்சிப் பதிவாளரிடமும், ஆதாருக்கு ஆதார் சேவை மையத்திலும் முதலில் திருத்தம் பெற வேண்டும்.